தொலைந்த காசோலை: கடிதத்தைத் திருத்தி எழுதுவோம்

சகோதரர் ஒருவர் வங்கிக்கு எழுதியிருந்தார்: "நான் கொடுத்த செக் தொலைந்துவிட்டது. பணம் கொடுக்க வேண்டாம்." எந்தக் காசோலை என்று வங்கிக்கு எப்படித் தெரியும்? இப்படித் திருத்தினோம்:

"ஐயா, எனது சேமிப்புக் கணக்கு எண் ......... இதில், வீட்டு உரிமையாளர் ......... பெயருக்கு நான் எழுதிய காசோலை எண் 004512, தேதி 10.06.2024, தொகை ரூ.18,500, தொலைந்துவிட்டது. இதற்குப் பணம் வழங்குவதை நிறுத்தி வைக்கக் கோருகிறேன்."

காசோலை எண் ஆறு இலக்கம். அடிக்கட்டையில் குறிக்கவில்லையா? புத்தகத்தில் அடுத்துள்ள தாளின் எண்ணில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும். ஓர் இலக்கம் பிழையானாலும் வேறு காசோலைதான் நிற்கும்.

தொலைத்தவர் வீட்டு உரிமையாளரே ஆனாலும், கணக்கு வைத்திருப்பவர்தான் கையெழுத்திட வேண்டும். நகலில் வங்கி முத்திரையும் நேரமும் வாங்குங்கள். அதற்கு முன்பே பணம் போயிருந்தால் நிறுத்த இயலாது. நிறுத்தியது உறுதியான பிறகே வேறு காசோலை கொடுங்கள்.