ஓமின் விதியும் ஓடாத பெட்ரோல் பம்ப்பும்

சாவியைத் திருப்பினால் செல்ப் மோட்டார் எஞ்சினை நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் எஞ்சின் பற்றிக்கொள்வதில்லை. இந்நிலையில் பலரும் முதலில் ஐயுறுவது பெட்ரோல் பம்ப்பைத்தான். அந்த ஐயம் சரிதானா என்பதை, நாம் இயற்பியல் வகுப்பில் படித்த ஓமின் விதியைக் கொண்டே அறிந்துகொள்ளலாம். நான் நேரில் சோதித்த ஒரு வேனை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை இங்கு விளக்க முற்படுகிறேன்.

அது ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் இடையே பச்சைத்தோல் ஏற்றிச் செல்லும் சிறிய பெட்ரோல் வேன். பச்சைத்தோல் அழுகாதிருக்க, அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் உப்பிட்டுப் பதப்படுத்துவது வழக்கம். அந்த உப்புநீர் வண்டியின் தளத்தில் வடிந்துகொண்டே இருக்கும். வண்டியின் உரிமையாளர் புதிய பம்ப்பு வாங்கப் பணம் கடன் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் செலவு தேவைதானா என்பதே எங்கள் முன் இருந்த கேள்வி.

எரிபொருளைத் தெளித்துச் செலுத்தும் இக்கால வண்டிகளில் பம்ப்பு பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும், கட்டுப்பாட்டுக் கருவி ரிலேயை இயக்கிப் பம்ப்பை ஏறத்தாழ இரண்டு விநாடிகள் ஓடச் செய்யும். எஞ்சின் சுற்றத் தொடங்காவிட்டால் உடனே நிறுத்திவிடும். ஆகவே முதல் சோதனைக்குக் காது ஒன்றே போதும். பின்னிருக்கையருகே அமர்ந்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். ஓசையே இல்லையென்றால் பியூஸையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். எங்கள் வேனில் ஓசை வந்தது. ஆனால் மிகவும் மெலிதாக, இழுத்து இழுத்து வந்தது. எனவே ரிலே வேலை செய்கிறது என்பது தெளிவாயிற்று.

அடுத்து, பம்ப்பின் இணைப்பைக் கழற்றி அதன் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தோம். சாவி திரும்பியதும் 12.2 வோல்ட் காட்டியது. “கரண்ட் சரியாக வருகிறது, பம்ப்புதான் போய்விட்டது” என்றார் உடனிருந்தவர். பலரும் ஏமாறும் இடம் இதுவே. மல்டிமீட்டர் தன் வழியே மின்னோட்டத்தை ஏறக்குறைய விடுவதே இல்லை. மின்னோட்டம் இல்லையேல், வழியில் எவ்வளவு மின்தடை இருந்தாலும் அழுத்த இழப்பும் இல்லை. பம்ப்போ நான்கு ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் கேட்பது. ஆகவே பம்ப்பு ஓடும்போது அளப்பதே முறை.

இணைப்பை மீண்டும் மாட்டி, அதன் பின்புறமாக மீட்டரின் ஊசிகளைச் செருகினோம். பேட்டரி வரை எட்டுவதற்கு ஒரு நீண்ட கம்பியைச் சேர்த்துக்கொண்டோம். ஒவ்வோர் அளவுக்கும் சாவியை ஒருமுறை அணைத்துத் திருப்பினோம். கிடைத்த அளவுகள் இவை:

பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 12.1 வோல்ட்.
பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து பம்ப்பின் பாசிட்டிவ் வரை 0.4 வோல்ட்.
பம்ப்பின் இரு முனைகளுக்கிடையே 7.1 வோல்ட்.
பம்ப்பின் நெகட்டிவ் முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை 4.6 வோல்ட்.

பின்மூன்றையும் கூட்டினால் 12.1 வருகிறது, எனவே அளவுகளில் பிழையில்லை. நல்ல நிலையிலுள்ள எர்த் வழியில் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இங்கோ 4.6 வோல்ட் அங்கேயே செலவாகிறது. நான்கு ஆம்பியர் எனக் கொண்டால் அந்த வழியின் மின்தடை ஓர் ஓமுக்குச் சற்று மேல். இவ்வளவு சிறிய தடையை ஓம் அளவில் வைத்துத் தேடினால், மீட்டர் கம்பிகளின் சொந்தத் தடையோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும். பம்ப்புக்கு எஞ்சியது 7.1 வோல்ட்தான். அதனால் குழாயில் தேவையான அழுத்தம் எழவில்லை, எஞ்சினும் பற்றவில்லை. செல்ப் மோட்டாருக்குத் தனியே தடித்த எர்த் கம்பி இருப்பதால் அது மட்டும் குறைவின்றிச் சுற்றியது.

எர்த் கம்பியைத் தொடர்ந்து சென்றோம். தளத்தின் அடியில் அது திருகப்பட்டிருந்த இடம் உப்பாலும் துருவாலும் மூடிக்கிடந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்து, புதிய வளைய முனையை வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். மறுபடி அளந்தபோது எர்த் வழி இழப்பு 0.1 வோல்ட், எஞ்சின் உடனே இயங்கியது. செலவு, வளைய முனைக்கும் உப்புத்தாளுக்கும் கொடுத்த சில்லறை மட்டுமே.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. பம்ப்பின் முனைகளில் முழு அழுத்தம் கிடைத்தும் அது ஓடாவிட்டால், பம்ப்பே பழுது. நன்றாக ஓடியும் எஞ்சின் பற்றாவிட்டால் வடிகட்டி அடைப்பையும் பெட்ரோல் அழுத்தத்தையும் தீப்பொறியையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை வீசும் இடத்தில் மட்டும் மின்னிணைப்பைக் கழற்றுவதோ பூட்டுவதோ கூடாது. ஒரு சிறு பொறி போதும். பம்ப்பை மாற்றுமுன், அது ஓடும்போது நான்கு அளவுகள் எடுத்துவிட்டால், பழுது எந்தப் பக்கம் என்பதை அவ்வளவுகளே சொல்லிவிடும்.