புதுச்சத்திரத்தில் இறங்கியவன்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், ஆலப்பாக்கம் தாண்டினால் புதுச்சத்திரம் வரும். கிட்டத்தட்ட பாதி வழி. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இறங்கிவிட்டேன். டிக்கெட் சிதம்பரம் வரைக்கும் எடுத்திருந்தேன்.

அதற்கு ரெண்டு நாள் முன்னாடி அவள் போனில் சொன்னாள்: "அம்மாகிட்ட உன்னப் பத்திச் சொல்லிட்டேன்டா. ஞாயித்துக்கிழமை சாப்பிட வா, மீன் குழம்பு வைக்கிறாங்க." அவ்வளவுதான். சண்டை இல்லை, சந்தேகம் இல்லை. ஒன்றரை வருஷம் நல்லாத்தான் போனது. ஆனால் அந்த ரெண்டு நாளில் எனக்கு என்னென்னவோ தெரிய ஆரம்பித்தது. அவள் சத்தமாகச் சிரிக்கிறாள். நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள். எனக்குப் பிடித்த படமெல்லாம் அவளுக்கு போர். "நமக்கு செட் ஆகாதோ?" என்று யோசித்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன். புதுச்சத்திரத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, கடலூர் பஸ் பிடித்தேன். "உடம்பு சரியில்லை" என்று ஒரு மெசேஜ். அன்று சாயங்காலம் சில்வர் பீச்சில் தனியாக உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஏனென்றால் அது எனக்கு மூன்றாவது தடவை.

இதற்கு "கமிட்மென்ட் பயம்" என்று ரீல்ஸில் சுலபமாகப் பெயர் வைத்துவிடுவார்கள். ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பயம் என்று ஒன்றுமே தோன்றவில்லையே! எரிச்சல் இருந்தது, சலிப்பு இருந்தது, அவள் மேல் குறை இருந்தது. பயம் எங்கே?

இந்தக் கேள்விக்குப் பதில் குழந்தைகளிடமிருந்து கிடைத்தது. மேரி எய்ன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். பொம்மைகள் இருக்கும் அறையில் அம்மாவும் குழந்தையும் இருப்பார்கள். அம்மா கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டுத் திரும்பி வருவார். பெரும்பாலான குழந்தைகள் அம்மாவிடம் ஓடும். சில குழந்தைகள் மட்டும் திரும்பியே பார்க்காது, பொம்மையோடு விளையாடிக்கொண்டே இருக்கும். "பாருங்க, எவ்வளவு சமத்து" என்று நம்ம வீட்டில் பாராட்டியிருப்போம். 1977-ல் ஸ்ரூஃப், வாட்டர்ஸ் என்ற இருவர், இப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்ததைப் பற்றி எழுதினார்கள். முகத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் துடிப்பு ஏறியிருந்தது. அதாவது அந்தக் குழந்தைக்கும் பதற்றம் உண்டு. அதைக் காட்டினால் பலன் இல்லை என்று பழகிவிட்டதால், கவனத்தைப் பொம்மை மேல் திருப்பிக்கொள்கிறது.

பெரியவர்களிடமும் இதையே பார்த்தார்கள். 1992-ல் டோஸியர், கோபக் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் சின்ன வயதில் அனுபவித்த பிரிவு, புறக்கணிப்பு பற்றிக் கேட்டார்கள். கேட்கும்போதே தோலின் மின்கடத்தும் திறனையும் அளந்தார்கள். (வியர்வை கூடினால் மின்கடத்தல் கூடும், நம்ம ஈசிஇ ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம்.) "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று ஒதுக்கிப் பேசும் வகையினருக்கு அந்தக் கேள்விகளின்போது அளவு ஏறியது. வாய் ஒன்று சொன்னது, மீட்டர் வேறொன்று சொன்னது.

என் கதைக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். உறவு நெருங்குகிறது, உள்ளே அலாரம் அடிக்கிறது. அலாரத்தைக் கேட்டால் "நான் இவளை நம்பி இருக்கிறேன், இவள் போய்விட்டால் என்ன செய்வேன்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பதில் மனசு வயரையே பிடுங்கிவிடுகிறது. குறை கண்டுபிடிப்பதும், மெசேஜுக்கு லேட்டாகப் பதில் போடுவதும், திடீரென்று ப்ராஜெக்ட்டில் மூழ்குவதும் வயரைப் பிடுங்கும் வேலைதான். அதனால்தான் பயம் தெரியவில்லை, எரிச்சல் மட்டும் தெரிந்தது.

நம்ம பக்கத்து நூல் ஒன்றில் இதை விட நுட்பமான காட்சி இருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தைச் சிதம்பரம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றினார் என்பது மரபு. அதில் சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பார்க்கிறார். திருவாரூரில் ஏற்கெனவே பரவையார் இருக்கிறார். "உன்னைப் பிரியமாட்டேன்" என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம் என்ற நிலை. சுந்தரர் சிவனிடமே ஒரு கோரிக்கை வைக்கிறார்: நான் சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீங்கள் அங்கே இருக்காதீர்கள், மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள். சிவன் சரி என்கிறார். சொல்லிவிட்டு, மகிழடியிலேயே சத்தியம் கேட்கும்படி சங்கிலியார் கனவில் வந்து சொல்லியும் விடுகிறார்! சுந்தரர் மாட்டிக்கொண்டு மகிழடியில் சத்தியம் செய்கிறார். பிறகு வசந்த காலத்தில் ஆரூர் ஞாபகம் வந்து, ஒற்றியூர் எல்லையைத் தாண்டும்போது ரெண்டு கண்ணும் தெரியாமல் போகிறது.

பக்தர்களுக்கு இது இறைவனின் திருவிளையாடல், அந்தப் பொருளை நான் தொடவில்லை. என்னைப் பிடித்தது அந்தக் கோரிக்கைதான். அவருக்கு அன்பு இல்லாமல் இல்லை, சேரவும் ஆசை. ஆனால் பின்னால் ஒரு கதவு திறந்தே இருக்க வேண்டும். என் பின்கதவு புதுச்சத்திரம் பஸ் ஸ்டாப்.

சரி, உண்மையிலேயே பொருத்தமில்லாத உறவு என்றால்? அதிலிருந்து விலகுவது பயம் ஆகாது. எனக்கு உதவியது தேதி. வாட்ஸ்அப்பில் பின்னாடி போய்ப் பார்த்தேன். "நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜ்" பற்றி ஒரு வருஷம் முன்னாடி நானே "சூப்பரா பேசுற" என்று போட்டிருக்கிறேன். குறைகள் எல்லாம் பிறந்தது அந்த ரெண்டு நாளில். முன்னாடி இரண்டு பிரேக்கப்பிலும் அப்படியே: ஒருத்தி "வேலை கிடைச்சதும் கல்யாணம்" என்று பேசிய வாரம், இன்னொருத்தி போட்டோ போட்டு ஊருக்குச் சொன்ன வாரம். அடுத்த அடையாளம் விலகிய பிறகு வருவது. முதலில் நிம்மதி, சில வாரம் கழித்து, இனி ஆபத்தில்லை என்ற தூரம் வந்ததும், ஏக்கம். உண்மையிலேயே பிடிக்காமல் பிரிந்தவருக்கு இந்த வரிசையில் வருவது அபூர்வம்.

இன்னொன்றையும் சொல்லணும். நம்ம ஊரில் சாதி, வீட்டு எதிர்ப்பு என்று நிஜமான ஆபத்துகள் இருக்கின்றன. அந்தப் பயத்தை "அட்டாச்மென்ட்" கணக்கில் சேர்ப்பது அநியாயம். அங்கே ரெண்டு பேரும் சேர்ந்து வெளியே இருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் அவளைப் பார்த்தே பயந்தேன். அதே மாதிரி, கட்டுப்படுத்துகிற, அடிக்கிற ஆளிடமிருந்து ஓடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த வகைப்பாடு நோயின் பெயரும் இல்லை. அது கூடலாம், குறையலாம், ஆளுக்கு ஆள் மாறலாம்.

பத்து நாள் கழித்து உண்மையைச் சொன்னேன். உடம்பு நல்லாத்தான் இருந்தது, பாதியில் இறங்கிட்டேன் என்று. ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஏன்டா, அம்மாவப் பாக்க பயமா, இல்ல என்னப் பாத்தா?" என்றாள். "உன்ன" என்றேன். அழுதாள். அதற்கு நான் சமாதானம் சொல்லவில்லை, சொல்ல முடியவும் இல்லை.

இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. எனக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் காணாமல் போகக் கூடாது. "ரெண்டு நாள் வேணும், புதன் ராத்திரி ஒன்பது மணிக்கு கூப்பிடுறேன்" என்று நேரம் சொல்லிவிட்டுத்தான் விலக வேண்டும், சொன்ன நேரத்துக்குக் கூப்பிட வேண்டும். எனக்குத் தள்ளி நிற்க இடம் கிடைக்கிறது, அவளுக்கு நான் திரும்பி வருவேன் என்று தெரிகிறது. நாலு தடவை பயன்படுத்தியிருக்கிறேன். ஒரு தடவை ஒன்பது மணி பத்து மணி ஆனது, அதற்குச் சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். குறைகள் தோன்றுவது நிற்கவில்லை. தோன்றும்போது தேதியைப் பார்க்கிறேன், அவ்வளவுதான். கல்லூரி கவுன்சிலரிடமும் மூன்று முறை போய் வந்தேன். அங்கே பேச்சு என் காதலை விட்டு, ஹாஸ்டலில் விடப்பட்ட ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டது. அது தனிக்கதை.

வர்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடி சிதம்பரம் போகிறேன். அவள் பி.முட்லூரில் பஸ் ஏறிக்கொள்கிறேன் என்றாள், வேண்டாம், நானே வருகிறேன் என்றேன். அம்மா இந்தத் தடவை மீன் வாங்க மாட்டார்களாம். சாம்பார்தான்.