“தேயிலையில வாசம் சரியில்ல” என்று செய்தி வந்தால்

தங்கச்சி, லிந்துலையில் தேயிலைத் தூள் வாங்கிப் பொதி செய்து, கொழும்புக்கும் வவுனியாவுக்கும் கொரியரில் அனுப்பத் தொடங்கியிருக்கிறாய். விலை வைப்பது, ஆர்டர் பிடிப்பது பற்றியெல்லாம் உனக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். முறைப்பாடு வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதை நான் சொல்கிறேன்.

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு ரீச்சர் மாதம் இரண்டு 400 கிராம் பைக்கற் எடுக்கிறார் என்று வை. யூலை மாதம் ஒரு ராத்திரி வட்ஸ்அப்பில் எழுதுகிறார்: “போன முறை மாதிரி இல்ல. ஒரு மாதிரி பூஞ்சண வாசம் அடிக்குது.” உடனே உன் விரல் “மத்த யாரும் அப்படிச் சொல்லலையே மிஸ்” என்று அடிக்கப் போகும். அதை அடிக்காதே. நீ உண்மையைத்தான் சொல்கிறாய், ஆனால் அவர் காதில் அது “நீங்க பொய் சொல்றீங்க” என்றுதான் விழும். மழையையும் கொரியர்காரரையும் கூட அந்த முதல் பதிலில் இழுக்காதே. அவர் காசு கொடுத்தது உனக்கு.

இப்படி எழுது: “சொன்னதுக்கு நன்றி மிஸ். அந்த வாசம் இருக்கவே கூடாது. அதைக் குடிக்காம வைங்க. பைக்கற் அடியில இருக்கிற திகதியை மட்டும் அனுப்புங்க. நாளைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குள்ள என்ன நடந்ததுன்னு பார்த்து நானே கோல் எடுக்கிறேன்.” இதில் மன்னிப்பை விடவும் முக்கியம் அந்த நேரம்தான். எப்போது பதில் வரும் என்று தெரிந்துவிட்டால் மனுசருக்குப் பாதிக் கோபம் இறங்கிவிடும். பன்னிரண்டு மணிக்குள் காரணம் பிடிபடாவிட்டாலும் கோல் எடு. “இன்னும் பார்க்கிறேன், சாயந்திரம் சொல்றேன்” என்றாவது சொல். சொன்ன நேரத்தைத் தவறவிட்டால் முதல் பிழையோடு இரண்டாவதும் சேர்ந்துவிடும், பிறகு நீ எதைக் கொடுத்தாலும் அது எடுபடாது.

வீடியோ எடுத்து அனுப்புங்கள், பைக்கற்றைத் திருப்பி அனுப்புங்கள் என்று ஆதாரம் கேட்டு அலைக்கழிக்காதே. வாசத்தை வீடியோவில் காட்ட முடியாது. இரண்டு கேள்வி போதும். ஒன்று திகதி. மற்றது, வாசம் எப்படிப்பட்டது என்பது. பூஞ்சண வாசம் என்றால் தூளில் ஈரம் ஏறியிருக்கிறது. சவர்க்காரமோ கற்பூரமோ மசாலாவோ மணத்தால் அது பக்கத்தில் இருந்த சாமானிலிருந்து வந்தது. தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். புகை வாசமோ தீய்ந்த வாசமோ என்றால் தொழிற்சாலையில் காயவைத்தபோதே நடந்திருக்கும். ஆக, வாசத்தைக் கேட்டாலே எங்கே தேட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

இனி உன் பக்கத்து வேலை. ஒவ்வொரு நாளும் பொதி செய்து முடித்ததும் அந்தத் தூளில் ஒரு கைப்பிடியைச் சிறிய கண்ணாடிப் போத்தலில் போட்டு, இறுக்கி மூடி, திகதி ஒட்டி வை. முறைப்பாடு வந்த திகதியின் போத்தலை எடுத்துச் சாயம் இறக்கிப் பார். தேயிலை சுவைப்பவர்களின் அளவு 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், ஆறு நிமிடம். பாலும் சீனியும் வேண்டாம். நன்றாக இருக்கும் ஒரு திகதியின் தூளையும் பக்கத்தில் அதே அளவில் வை. ஒன்றைத் தனியாகக் குடித்தால் உன் வாய் உனக்குச் சாதகமாகவே சொல்லும்.

உன் போத்தல் நன்றாக இருந்து அவருடைய பைக்கற் மட்டும் கெட்டிருந்தால், பிழை சீலில் இருக்கலாம். ஒட்டும் இடத்தில் தூசு படிந்தால் சீல் பிடித்தது போலத் தெரியும், ஆனால் காற்று போகும். அதே நாளில் செய்த ஒரு பைக்கற்றைத் தண்ணீரில் அமுக்கிப் பார், குமிழி வந்தால் தெரிந்துவிடும். போத்தலிலும் அதே வாசம் என்றால் விசயம் பெரிது. தொழிற்சாலையில் தூள் காய்ந்து வெளியே வரும்போது ஈரம் நூற்றுக்கு 3 அளவில்தான் இருக்கும். அதன்பின் ஏறுவது எல்லாம் நம் கையில். யூன், யூலையில் லிந்துலை மழை உனக்குத் தெரியும். சாக்கின் வாயைத் திறந்து வைத்து, யன்னலையும் திறந்துகொண்டு அரை நாள் பொதி செய்தால் தூள் ஈரத்தைக் குடித்துவிடும்.

அப்படியானால் ரீச்சரோடு விசயம் முடியாது. அந்தத் திகதியில் செய்த பைக்கற் யார் யாருக்குப் போனது என்று கொப்பியைப் பார்த்து, அவர்கள் சொல்லும் முன்னே நீயே கோல் எடு. வலிக்கும், தெரியும். பன்னிரண்டு பேர் இருந்தால் பன்னிரண்டு பேருக்கும் மாற்றிக் கொடுக்க வேண்டும். ஆனால் நம்ம ஆட்களைப் பற்றி உனக்குத் தெரியாததா? பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறக்காமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ரீச்சர் ஒருவர் எழுதினார் என்றால், எழுதாமல் விட்டவர்களுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறார். அவர் மீது கோபப்பட உனக்கு ஒரு காரணமும் இல்லை.

நம் தேயிலைக்கே நாடளவில் இப்படி ஒரு முறைப்பாடு வந்தது. 2017 டிசம்பரில் இலங்கையிலிருந்து போன ஒரு தேயிலைச் சரக்கின் பொதியில் கப்ரா வண்டு இருந்ததாக ரஷ்யா சொன்னது. களஞ்சியத்துத் தானியத்தைத் தின்னும் பூச்சி அது. தேயிலையில் வாழும் பூச்சி அல்ல. ஆனாலும் 18ஆம் திகதி முதல் இலங்கைத் தேயிலைக்கே தடை போட்டார்கள். எங்கள் தேயிலையில் அந்த வண்டு வராது என்று வாதாடிக்கொண்டே இருந்திருந்தால் மாதக்கணக்கில் இழுத்திருக்கலாம். அரசாங்கம் மேல்மட்டத்திலேயே மாஸ்கோவோடு பேசியது. வருடம் முடியுமுன் தடை நீங்கியது.

அந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. ரஷ்யா நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கிற நாடு. இலங்கை அதன் இறக்குமதியை நிறுத்தத் தீர்மானித்திருந்த நேரம் அது. அந்தத் தீர்மானத்தையும் அப்போதே தள்ளிப்போட்டார்கள். வண்டுதான் காரணமா, அஸ்பெஸ்டஸா என்று அன்றே பலர் கேட்டார்கள். நீ இதை மனதில் வை. சொல்லப்படும் முறைப்பாட்டுக்குப் பின்னால் சொல்லப்படாத ஒன்று இருக்கலாம். ரீச்சருக்குப் போன மாதம் பார்சல் நான்கு நாள் பிந்திப் போயிருக்கலாம், அவர் அப்போது ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கலாம். கோல் எடுக்கும்போது “வேற ஏதும் குறை இருந்ததா மிஸ்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். அவர் பேசி முடிக்கட்டும்.

பிறகு, பரிகாரம். புதுப் பைக்கற் வேண்டுமா, காசு திரும்ப வேண்டுமா என்று அவரையே தெரிவு செய்யச் சொல். எதுவானாலும் கொரியர் செலவு உன்னுடையது. கணக்கைப் போட்டுப் பார்: ஒரு பைக்கற் உனக்கு 700 ரூபா அடங்குகிறது, கொரியர் 500 என்று வைத்தால், இரண்டு பைக்கற்றை மாற்றிக்கொடுக்க 1900 ரூபா. ஒரு பைக்கற்றில் 200 ரூபா மிஞ்சுகிறது என்றால், மாதம் இரண்டு வீதம் அவரால் உனக்கு வருடத்துக்கு 4800 ரூபா வரும். ஐந்து மாதத்தில் செலவு திரும்பிவிடும்.

1998இல் டாக்ஸ், பிரவுன், சந்திரசேகரன் என்ற மூன்று ஆய்வாளர்கள், முறைப்பாடு செய்தவர்கள் எதை நியாயம் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். கையில் கிடைத்தது என்ன, அது கிடைக்க எவ்வளவு அலைய வேண்டியிருந்தது, பேசிய விதம் எப்படி என்ற மூன்றையும் மனுசர் தனித்தனியே நிறுக்கிறார்கள். காசைத் திருப்பிக் கொடுத்தும் ஆளை இழந்தவர்கள் பெரும்பாலும் பின்னைய இரண்டிலும்தான் கோட்டை விட்டிருப்பார்கள்.

நன்றாகத் தீர்த்துவைத்த முறைப்பாடு, பிழையே நடக்காதவரை விட அதிக விசுவாசமான வாடிக்கையாளரைத் தரும் என்று ஒரு பேச்சு உண்டு. வியாபாரப் பாடத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது. நடப்பதுண்டு, ஏனென்றால் ஒழுங்காகப் போகும்போது நீ எப்படிப்பட்டவள் என்று ரீச்சருக்குத் தெரிய வழியில்லை, பிழை நடந்த அன்றுதான் தெரியவருகிறது. ஆனால் இதை முழுசாக நம்பிவிடாதே. 2007இல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, அப்படிப்பட்டவர்களின் மனத்திருப்தி கூடியது தெரிந்தது. திரும்ப வாங்குவது அதே மாதிரிக் கூடியதாகத் தெரியவில்லை. அதற்கு முன் 2002இல் மக்ஸ்ஹமும் நெட்டமயரும் ஒரு வங்கியின் வாடிக்கையாளர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் பிழையை நன்றாகத் தீர்த்தபோது மதிப்பு ஏறியது. இரண்டாவது பிழை வந்தபோது, எவ்வளவு நன்றாகத் தீர்த்தாலும் அந்த ஏற்றம் வரவில்லை.

அதனால்தான் மாற்றிக்கொடுக்கும் பைக்கற்றை விட யன்னலை மூடுவது பெரிது என்கிறேன். ரீச்சருக்கு ஓகஸ்டிலும் பூஞ்சண வாசம் போனால், நீ யூலையில் செலவழித்த 1900 ரூபாவும் தண்ணீரில் போனதுதான். சாக்கைத் திறந்தால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, உடனே வாயைக் கட்டு. மழை பிடித்த நாளில் பொதி செய்யாதே. என்ன மாற்றினாய் என்பதை ரீச்சரிடமும் ஒரு வரியில் சொல்: “இனி மழை நாள்ல பொதி செய்யிறதில்ல மிஸ்.” புதுப் பைக்கற் போய் இரண்டு நாள் கழித்து, “வாசம் சரியா இருக்கா?” என்று ஒரே ஒரு தரம் கேள். அதற்கு மேல் தொல்லை கொடுக்காதே.

யாராவது 1977க்கு அடிப்பேன் என்று சொன்னால் பதறாதே, சண்டைக்கும் போகாதே. அது பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம். முறைப்பாடு செய்வது அவர்களுக்குச் சட்டம் கொடுத்த உரிமை. திகதி போட்ட போத்தலும், யாருக்கு எப்போது என்ன பதில் சொன்னாய் என்று எழுதிய கொப்பியும் இருந்தால் உனக்குப் பயமில்லை.

கடைசியாக, பிழையே இல்லாத முறைப்பாடு ஒன்று உனக்கு வருடா வருடம் வரும். திம்புள்ளைப் பகுதித் தேயிலைக்கு நல்ல பருவம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பகல் காய்ந்து இரவு குளிரும்போது வரும் அந்த வாசம் மழைக்காலத் தூளில் இருக்காது. பெப்ரவரியில் வாங்கிக் குடித்தவர் யூலையில் “முந்தி மாதிரி இல்ல” என்பார். அவர் சொல்வதும் சரி, உன் தூளும் சரி. மாற்றிக்கொடுத்துப் பிரயோசனமில்லை, போவதும் அதே தூள்தான். பைக்கற்றில் பறித்த மாதத்தைப் போடு. மே மாதத்து ஆர்டரோடு ஒரு துண்டுக் கடதாசி வை: இனி வருவது மழைக்காலத் தேயிலை, சாயம் இருக்கும், வாசம் குறையும், பால் தேத்தண்ணிக்கு நல்லது என்று. வாசம்தான் வேண்டும் என்பவர்களுக்கு மார்ச் முடியுமுன்னே கோல் எடுத்துச் சொல், நான்கு மாதத்துக்கு வேண்டியதைச் சேர்த்து எடுத்து வைக்கட்டும். நன்றாகச் சீல் பண்ணிய பைக்கற்றில் அது தாங்கும்.