கந்த சஷ்டி விரதத்தில் ஃப்ளூ காய்ச்சல் கண்டால்

ஐப்பசி மழைக்காலத்தில் வரும் 6 நாள் கந்த சஷ்டி விரதத்தின்போது ஃப்ளூ, அதாவது இன்ஃப்ளூயன்சா வைரஸ் காய்ச்சல், கண்டவர்கள் கவனிக்க வேண்டியவை:

• நீர்: காய்ச்சலில் வியர்வையாலும் வேகமான மூச்சாலும் உடல் நீரை இழப்பதால், நீரும் அருந்தாத விரதத்தைத் தவிர்த்து, உப்பிட்ட கஞ்சியையும் இளநீரையும் சிறிது சிறிதாக அருந்த வேண்டும்; சிறுநீர் அடர்மஞ்சளானால் நீர் போதவில்லை என்பது பொருள்.

• மருந்து: வைரஸின் பெருக்கத்தைத் தடுக்கும் ஓசெல்டமிவிரை மருத்துவர் தந்திருந்தால், அதை 12 மணி நேர இடைவெளியில் 5 நாள்களும், குமட்டாதிருக்கச் சிறிது கஞ்சியுடன், உட்கொள்ள வேண்டும்; காய்ச்சலைத் தணிக்கப் பாராசிட்டமால் உட்கொள்பவர்கள் அளவை மீறக் கூடாது, ஏனெனில் பட்டினி கிடக்கும் உடலில் அதன் அளவு மீறினால் கல்லீரல் எளிதில் பாதிக்கப்படும்.

• நிறுத்தம்: மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், 8 மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விரதத்தை அப்போதே முடித்து மருத்துவமனைக்குச் செல்க.