ஆப்டோசின் வட்டம் 11 மி.மீ. வந்தால் என்ன செய்வது?

தங்கச்சி, சளி சாம்பிள் போட்ட பிளட் அகாரில் பச்சை படர்ந்த காலனிகளைப் பார்த்ததுமே நிமோகாக்கஸ் என்று எழுதிவிடாதே. வாயில் எப்போதும் குடியிருக்கும் விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் அதே பச்சையைத்தான் காட்டும். இரண்டையும் பிரிக்க இதோ என் டிப்ஸ்.

தனிக் காலனியில் தொடங்கு. சளியில் இரண்டும் கலந்தே வரும். ஒரே காலனியை எடுத்து, 5% செம்மறி ரத்தம் சேர்த்த புது பிளேட்டில் நெருக்கமாகத் தேய். நடுவில் 6 மி.மீ. ஆப்டோசின் டிஸ்க்கை (5 மைக்ரோகிராம்) வைத்து லேசாக அழுத்து. மறுநாள் வட்டத்துக்குள்ளேயே காலனிகள் முளைத்திருந்தால் கல்ச்சர் கலந்திருக்கலாம், திரும்பத் தனிப்படுத்து.

கார்பன் டை ஆக்சைடை மறக்காதே. 35 டிகிரியில், 5% கார்பன் டை ஆக்சைடில் ஓர் இரவு வை. வெறும் காற்றில் வைத்தால் வட்டம் பெரிதாகும். நிமோகாக்கஸ் அல்லாததும் நிமோகாக்கஸ் போலத் தெரியும்.

டிஸ்க்கையும் சேர்த்து அள. 14 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் நிமோகாக்கஸ். வட்டமே இல்லையென்றால் பெரும்பாலும் விரிடன்ஸ். ஆனால் ஆப்டோசினுக்கு அடங்காத நிமோகாக்கஸும் உண்டு. அதனால் ரத்தத்திலோ தண்டுவட நீரிலோ வளர்ந்ததென்றால் வட்டம் இல்லாவிட்டாலும் பித்த உப்பு டெஸ்ட்டைச் செய்துவிடு.

இடைப்பட்ட அளவுக்குப் பித்த உப்புதான் தீர்ப்பு. உன் ஸ்கேல் 11 மி.மீ. காட்டுகிறது என்று வைத்துக்கொள். முந்தின நாள் வளர்ந்த புதுக் காலனிகளைச் சலைனில் நன்றாகக் கலங்கும்படி கரை. இரண்டு சின்ன டியூபில் 0.25 மி.லி. வீதம் பிரி. ஒன்றில் 2% சோடியம் டியாக்சிகோலேட் 0.25 மி.லி., இன்னொன்றில் அதே அளவு சலைன் விடு. இன்குபேட்டரில் வைத்து இரண்டு மணி நேரம் வரை அவ்வப்போது பார். அச்சடித்த தாளுக்கு முன்னால் பிடித்தால், பித்த உப்பு டியூப் வழியாக எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். சலைன் டியூப் கலங்கலாகவே இருக்க வேண்டும். அப்போது தைரியமாக நிமோகாக்கஸ் என்று எழுது. நிமோகாக்கஸிடம் தன் செல் சுவரைத் தானே அறுக்கும் என்சைம் இருக்கிறது. பித்த உப்பு அதைத் தூண்டிவிடுவதால்தான் கலங்கல் தெளிகிறது. இரண்டு மணி நேரமாகியும் தெளியாவிட்டால் நிமோகாக்கஸ் என்று எழுதாதே.

சலைன் டியூபும் தெளிந்தால் அந்த டெஸ்ட் செல்லாது. பழைய கல்ச்சரில் அந்த என்சைம் முன்கூட்டியே வேலை செய்து முடித்திருக்கும். புதிதாக வளர்த்துத் திரும்பச் செய். பித்த உப்பு டியூபில் ஜெல் மாதிரி கட்டி விழுந்தால், கரைசல் அமிலமாகியிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு நடுநிலைக் கரைசலில் செய். தெரிந்த ஒரு நிமோகாக்கஸையும் ஒரு விரிடன்ஸையும் கூடவே ஓட்டு. அவை சரியாக வந்த பிறகே நோயாளியின் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடு.