தேனிலவுக் காலத்தில் இன்சுலின் அளவைக் கையாளும் முறை

முதல் வகை சர்க்கரை நோய்க்கு இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், பல குழந்தைகளுக்கு ஊசியின் தேவை பாதியளவுக்குக் குறைந்துவிடும். மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். சிலருக்கு வாரக்கணக்கில், பலருக்கு மாதக்கணக்கில், அரிதாக ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், ரத்தத்தில் கீட்டோன் ஏறி மோசமான நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுக்கும் இது வராமலே போகலாம்.

நோய் வெளிப்படும் நாளில் கணையத்தின் பீட்டா செல்கள் எல்லாமே அழிந்திருப்பதில்லை. மிஞ்சிய செல்களும் வாரக்கணக்கில் ஏறிக்கிடக்கும் சர்க்கரையால் செயலிழந்து கிடக்கும். ஊசி சர்க்கரையை இறக்கியதும் அவை மீண்டும் இன்சுலின் சுரக்கத் தொடங்கும். உடலின் மற்ற செல்களும் முன்பைவிட நன்றாக இன்சுலினுக்கு இணங்கும். ஆனால் பீட்டா செல்களை அழிக்கும் நோயெதிர்ப்புத் தாக்குதல் நிற்கவில்லை. அதனால் இது குணமல்ல, இடைவேளை மட்டுமே.

தஞ்சாவூரில் சிகிச்சை முடிந்து ஒரத்தநாடு பக்கத்துக் கிராமத்துக்குத் திரும்பும் 10 வயதுச் சிறுவனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எடை 28 கிலோ. தொடக்க அளவு ஒரு நாளைக்கு 22 யூனிட், அதாவது கிலோவுக்கு 0.8 யூனிட் அளவில். மூன்றாம் வாரத்தில் காலை வெறும் வயிற்றில் 68, மதியச் சாப்பாட்டுக்கு முன் 64 என்று குளுக்கோமீட்டர் காட்டுகிறது. 70-க்குக் கீழே வந்தால் உடனே இரண்டு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தாழ்சர்க்கரை இப்படித் திரும்பத் திரும்ப வருவதுதான் தேனிலவுக் காலத்தின் முதல் அடையாளம்.

அடுத்த வேலை, அன்றே மருத்துவரிடம் பேசி அளவைக் குறைப்பது. பொதுவாக ஒரு தடவைக்கு பத்து முதல் இருபது சதவீதம் குறைப்பார்கள்: 22 இலிருந்து 19, பிறகு 16, பிறகு 14, பிறகு 12. எந்த நேரத்துச் சர்க்கரை தாழ்கிறதோ, அதற்குக் காரணமான ஊசியில்தான் குறைக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சில நாட்கள் விடியற்காலை மூன்று மணிக்கும் ஒரு முறை விரலில் குத்திப் பார்ப்பது நல்லது. பள்ளி விட்டு வந்து வயல் வரப்பில் ஓடியாடிய நாளில் இரவுச் சர்க்கரை இன்னும் இறங்கும்.

மூன்றாம் மாதத்தில் சிறுவனுக்கு எச்பிஏ1சி 6.6, இன்சுலின் கிலோவுக்கு 0.43 யூனிட். இன்சுலின் அளவை நான்கால் பெருக்கி எச்பிஏ1சியோடு கூட்டினால் 8.3 வருகிறது. விடை 9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தேனிலவுக் காலம் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அளவு இவ்வளவு குறைந்ததும், நோய் போய்விட்டது என்று உறவினர்கள் சொல்வார்கள். அந்த நேரத்தில் யாரோ கொடுத்த கஷாயம் சர்க்கரையை இறக்கியது போலவும் தோன்றும். அதை நம்பி ஊசியை நிறுத்தினால், ஒரு காய்ச்சல் வந்தாலே போதும், கீட்டோன் ஏறிவிடும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். சிறுநீரில் கீட்டோன் பட்டை நிறம் மாறினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சாப்பாடு இறங்காத நாளிலும் ஊசியை முழுதாக விடக்கூடாது. தேவை மிகக் குறைந்த குழந்தைக்கும் மருத்துவர்கள் சிறு அளவு இன்சுலினைத் தொடரச் சொல்வது இதனால்தான்.

ஒன்பதாம் மாதம் காலைச் சர்க்கரை தொடர்ந்து 180 பக்கம் நிற்கிறது. உடனே தேனிலவு முடிந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். காய்ச்சலா, பொங்கல் பலகாரமா, ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலில் கட்டி விழுந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் வைத்த குப்பி வீரியம் இழந்திருக்கலாம். மண்பானைக் குளிர்ச்சியில் வைத்தால் ஓரளவு தாங்கும். ஊசிக்குழாயையும் சரிபார்க்க வேண்டும். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடிக் குழாய்தான் பொருந்தும். அந்த மருந்தை 100 யூனிட் குழாயில் 12 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4.8 யூனிட்தான்.

இவை எதுவும் காரணமில்லை என்றால் மிஞ்சிய செல்கள் குறைந்துவருகின்றன என்று பொருள். மருத்துவர் அளவைப் பத்து சதவீதம் போலப் படிப்படியாகக் கூட்டுவார். இந்தச் சிறுவனுக்கு எடை 31 கிலோவான போது 24 யூனிட் தேவைப்படலாம். உணவிலோ கவனிப்பிலோ நேர்ந்த குறையால் வந்த ஏற்றமல்ல இது. பருவமடையும் முன் குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 0.7 முதல் 1 யூனிட் வழக்கமான தேவை. பருவ வயதில் அது ஒன்றைத் தாண்டும்.