நெய் ஏன் சீக்கிரம் கருகுகிறது? கருகாமல் தாளிப்பது எப்படி?

ரீஃபைண்டு எண்ணெயில் தாளிக்கும் அதே தீயில் நெய்யை வைத்தால், மிளகு பொரிவதற்குள் நெய் பழுப்பாகிவிடும். முந்திரி ஒரு பக்கம் கருத்து, மறுபக்கம் வெளுத்து நிற்கும். நெய் சூடு தாங்காது என்று பலரும் முடிவு கட்டுவது இதைப் பார்த்துத்தான். உண்மையில், கசடு துளியும் இல்லாத சுத்தமான நெய் 230 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை புகையாது. ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெய் புகையத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான். நம் அடுப்பில் முதலில் கருகுவது நெய்யின் கொழுப்பு அல்ல, அதில் தங்கிவிட்ட பால் கசடு.

வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். கொஞ்சம் பால் புரதமும் பால் சர்க்கரையும் இருக்கும். காய்ச்சும்போது தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். புரதமும் சர்க்கரையும் பொன்னிறமாகி அடியில் தங்கும். நெய்யின் மணம் பிறப்பதும் இந்தச் சிவத்தலில்தான். ஆனால் வடிகட்டிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத அளவு தூள் நெய்யில் மிதந்துகொண்டிருக்கும். ஏற்கெனவே சிவந்த அந்தத் தூள் மறுபடி சூடேறினால், 150 டிகிரியைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் கருத்துக் கசந்துவிடும். கொழுப்பு அப்போது நன்றாகவே இருக்கும். ஆனாலும் கசப்பு நெய் முழுவதிலும் இறங்கிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. ரீஃபைண்டு எண்ணெயை ஆலையில் காரம் சேர்த்தும், நீராவி செலுத்தியும், அதிலுள்ள அமிலங்களையும் வாசனைப் பொருள்களையும் நீக்கிவிடுகிறார்கள். கொழுப்பிலிருந்து பிரிந்து தனியாக நிற்கும் இந்த அமிலங்கள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு சீக்கிரம் புகை கிளம்பும். செக்கு எண்ணெய் ரீஃபைண்டு எண்ணெயைவிட முன்னதாகப் புகைவதற்கும் இதுவே காரணம். நெய்க்கு அப்படிப்பட்ட சுத்திகரிப்பு கிடையாது. நாள்பட்டுப் புளித்த ஆடையில் எடுத்த நெய்யிலும், ஈரக் கரண்டி பட்டுக் காறல் வாடை வந்த நெய்யிலும் அமிலம் கூடுதல். அவை 200 டிகிரியை எட்டும் முன்பே புகையலாம்.

அதனால் முதல் வேலை, உங்கள் நெய் எப்படிப்பட்டது என்று பார்ப்பது. இரண்டு கரண்டி நெய்யை உருக்கி ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். உறையாமல் இருக்க டம்ளரை வெந்நீரில் நிறுத்திக்கொள்ளலாம். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் பழுப்புத் தூள் படிந்திருந்தால், அந்த நெய்யைச் சோற்றில் ஊற்றிக்கொள்வது நல்லது. தாளிப்பதற்கு வேண்டுமென்றால் மொத்த நெய்யையும் மெல்ல உருக்கி, மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டி, அடியில் இருக்கும் கடைசிக் கரண்டியை விட்டுவிடுங்கள். உருகும்போது படபடவென்று சத்தம் வந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். சிறு தீயில் சத்தம் அடங்கும்வரை வைத்தால் ஈரம் போய்விடும்.

இனி தாளிப்பு. வெண்பொங்கலையே எடுத்துக்கொள்வோம். ஒரு டம்ளர் பச்சரிசிக்கு நான்கு மேசைக்கரண்டி நெய், பத்துப் பன்னிரண்டு முந்திரி, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், ஒரு துண்டு இஞ்சி, ஒரு ஆர்க்கு கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். சின்ன இரும்புத் தாளிப்புக் கரண்டி இதற்குத் தோதுப்படாது. கொஞ்சம் நெய், மெல்லிய இரும்பு, நேரடித் தீ என்ற மூன்றும் சேர்ந்தால் நிமிடத்துக்குள் சூடு எல்லை மீறிவிடும். அடி கனத்த சிறு வாணலியை எடுங்கள். அடுப்பு சிறு தீயிலேயே இருக்கட்டும்.

காலி வாணலியைக் காயவைக்காமல், நெய்யையும் முந்திரியையும் ஒன்றாகப் போட்டே அடுப்பை மூட்டுங்கள். நெய் உருகிச் சூடாகும்போது முந்திரியும் உள்ளுக்குள் வேகும். அது வெளிர்பொன்னிறம் ஆனவுடனே எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் தன் சூட்டிலேயே இன்னும் ஒரு படி சிவக்கும். அடுத்து ஒரே ஒரு சீரகத்தைப் போட்டுப் பாருங்கள். அதைச் சுற்றிச் சிறு குமிழ்கள் நிதானமாக எழுந்தால் சூடு சரி. போட்ட உடனே கருத்தால் வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிடுங்கள். மிளகை லேசாகத் தட்டிப் போடுவது நல்லது, ஏனென்றால் முழு மிளகு வெடித்து நெய்யை மேலே தெறிக்கவிடும். மிளகு வாசம் வந்ததும் சீரகம். சீரகம் உப்பிப் பொரிந்தவுடன் அடுப்பை அணையுங்கள். இஞ்சியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் மிச்சச் சூட்டிலேயே பொரியும். கறிவேப்பிலையைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகே போடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டியிருந்தாலும் சூடான நெய் கையில் தெறிக்கும். உடனே பொங்கலில் கொட்டிவிடுங்கள். அணைத்த பிறகும் கனத்த வாணலியில் சூடு தங்கியிருக்கும்.

கடுகு தாளிக்கும் ரசம், பருப்பு ஆகியவற்றுக்கு வேறு வழி. கடுகு வெடிக்க நல்ல சூடு வேண்டும், அந்தச் சூட்டில்தான் கசடு கருகுகிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகை வெடிக்கவிட்டு, மிளகாய் வற்றலைப் போட்டு, அடுப்பை அணைத்த பிறகு நெய்யைச் சேருங்கள். நெய் மணம் முழுதாகக் கிடைக்கும், கசப்பு வராது. இதில் எண்ணெயின் பங்கு கடுகை வெடிக்க வைப்பது மட்டுமே. நெய்யோடு எண்ணெய் கலந்து காய்ச்சினால் நெய் கருகாது என்று சொல்வதை நம்ப வேண்டாம். எண்ணெய்க்குள் மிதந்தாலும் கசடு அதே சூட்டில்தான் கருகும்.

பலகாரம் பொரிப்பதானால் வடிகட்டிய நெய் மட்டுமே சரி. வாணலியில் பாதிக்கு மேல் நெய் வேண்டாம். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 160 முதல் 170 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு துளி மாவைப் போடுங்கள். அது அடியில் ஒரு கணம் தங்கி மெதுவாக மேலே வந்தால் சூடு சரி. விழுந்ததும் மேலே துள்ளிச் சிவந்தால் தீ அதிகம். நெய்யில் உதிரும் மாவுத் தூளை அவ்வப்போது ஜல்லிக்கரண்டியால் அரித்தெடுங்கள், அதுவும் கசடுபோலவே கருகும். பொரித்து மிஞ்சிய நெய்யை வடிகட்டி, சில நாளில் சப்பாத்திக்கோ உப்புமாவுக்கோ தீர்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறை காயும்போதும் அமிலம் கூடி, புகையும் சூடு இறங்கிக்கொண்டே வருவதால், அதில் திரும்பப் பொரிக்க வேண்டாம்.

நெய்யிலிருந்து நீலம் கலந்த மெல்லிய புகை எழுந்து கண் எரிந்தால், கொழுப்பே உடையத் தொடங்கிவிட்டது. அடுப்பை அணையுங்கள், வாணலியை நகர்த்தாதீர்கள். தீப்பிடித்துவிட்டால் தட்டையான உலோக மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடி, நன்றாக ஆறும்வரை திறக்காதீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. அது நெய்க்கு அடியில் இறங்கி ஆவியாக வெடித்து, எரியும் நெய்யைச் சமையலறை முழுவதும் வீசும். கையில் சூடுபட்டால் நெய், பற்பசை எதையும் தடவாமல், குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். கொப்புளம் எழுந்தாலோ, முகத்தில் பட்டிருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

கருகிய நெய்யைச் சரிசெய்ய வழி இல்லை. வடிகட்டினால் கருந்தூள் போகும், கசப்பு போகாது. அதைப் பொங்கலில் ஊற்றாமல், ஆறியதும் பழைய காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாகத் தாளியுங்கள். நான்கு கரண்டி நெய்தான் நஷ்டம், ஒரு பானைப் பொங்கல் தப்பிக்கும்.